வியாழனுக்குள் எள்ளுப்பொடி

என் கையால் வறுத்து இடித்த எள்ளுப்பொடி வியாழக்கிழமைக்குள் கெட்டுவிடும் என்று ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் செல்போன் எனக்கே சொன்னது. அந்தப் பொடியை இடித்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் பிடிக்காது. அன்று கையிலிருந்த காபி ஆறுவதற்குள் வந்துவிட்டது.

செல்போனுக்கு இவ்வளவு வாய் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் மாப்பிள்ளையின் வேலை. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்ப்பவர். நல்ல மனிதர், ஆனால் கை சும்மா இருக்காது. பொங்கலுக்கு வந்தபோது தண்ணீர் எடுக்க எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்தவர் பத்து நிமிடம் மூடவில்லை.

"அத்த, இந்தத் தேங்காப்பால் பாக்கெட்டு தேதி முடிஞ்சி நாலு மாசம் ஆவுது."

"பிரிக்கவே இல்லியே மாப்ள" என்றேன். பிரிக்காத பொருள் கெடாது என்பது அதுவரை என் கொள்கை.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். எப்போதோ யாருக்கோ செய்வதற்காக வாங்கிய கஸ்டர்டு பவுடர், அடியில் இறுகிப்போன ஜாம், எது என்று எனக்கே தெரியாத ஒரு பச்சை நிறச் சட்னி. தறியில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சாமானா கீது நம்ம வூட்ல?" என்று சந்தோஷப்பட்டார். எனக்கு மானம் போனது.

அன்று மாலையே மாப்பிள்ளை என் போனில் ஒரு லிஸ்ட்டைப் போட்டுக் கொடுத்தார். ஃபிரிட்ஜிலும் அலமாரியிலும் இருக்கிற பொருளின் பெயரையும் அதன் தேதியையும் பதிந்துவிட வேண்டும். பாக்கெட் என்றால் அதில் அச்சடித்த தேதி. 'பேக் செய்த நாளிலிருந்து ஆறு மாதம்' என்று மட்டும் இருந்தால் நாமே விரல் விட்டு எண்ணிப் போட வேண்டும். பிரித்துவிட்டால் அந்தத் தேதி செல்லாது. பனீரைப் பிரித்தால் இரண்டு மூன்று நாளில் முடித்தாக வேண்டும். வாரம் முழுக்க அது பேசாது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு மணியடித்து, 'ஃபிரிட்ஜையும் அலமாரியையும் பாருங்கள்' என்று சொல்லி, அடுத்த ஏழு நாளுக்குள் தேதி முடிகிறவற்றை மட்டும் காட்டும். 'இந்த வாரம் தீர்க்க வேண்டியவை' என்று தலைப்பு. தீர்த்ததும் அந்த வரிக்கு எதிரே இருக்கிற கட்டத்தைத் தொட்டால் மறைந்துவிடும்.

"வூட்ல செய்ற பொருளுக்கு இன்னா தேதி மாப்ள?"

"அதுல அச்சடிச்சிருக்காது இல்ல அத்த. நீங்க போடறதுதான் தேதி."

மாதிரிக்கு என்று தம் வீட்டு லிஸ்ட்டையும் என் போனில் சேர்த்துக் காட்டினார். பிறகு எடுக்க மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை. மகளைக் கொடுத்த வீட்டின் ஃபிரிட்ஜை இருந்த இடத்திலிருந்தே வாரம் ஒரு முறை திறந்து பார்க்கக் கிடைத்தால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

எனக்கு அது தேவையாகவும் இருந்தது. மகளை ஆரணியிலேயே கொடுத்தோம். உள்ளூரில் கொடுத்தால் நினைத்தபோது போய்ப் பார்க்கலாம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். உள்ளூர் என்பதாலேயே நினைத்தபோது போக முடியாது என்பது கொடுத்த பிறகு தெரிந்தது. வெளியூர் என்றால் பஸ் ஏறி வந்த அம்மா என்று உட்கார வைப்பார்கள். நான்கு தெரு தள்ளி இருக்கிற அம்மா மாதம் இரண்டாவது முறை வாசலில் நின்றால், பெண்ணை வேவு பார்க்க வருகிறாள் என்று பேச்சாகிவிடும். ஆகையால் நான் போகவில்லை. என் பாட்டில்கள் போயின.

எள்ளுப்பொடி, மோர் மிளகாய், பூண்டு ஊறுகாய், கடலை உருண்டை. என் பெண் இவற்றில் வளர்ந்தவள். காரம் இல்லாத சோறு அவளுக்குத் தொண்டையில் இறங்காது. அந்த வீட்டிலோ மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வயிற்றுப்புண். அதனால் வீட்டுக்கே சீரகம் தட்டிய ரசமும் தேங்காய் போட்ட பொரியலும்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை, நோயாளி இருக்கிற வீட்டில் அப்படித்தான் சமைக்க முடியும். சம்பந்தியம்மாள் விடியற்காலையில் சமையலை முடித்துவிட்டுத் தறியில் இறங்கினால் பொழுது சாயத்தான் எழுவார். அவர் நெய்த சேலையில் ஒரு இழை பிசகி நான் பார்த்ததில்லை. பேச்சும் அப்படித்தான். தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. உண்மையைச் சொன்னால் எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம்.

நான் அனுப்பிய பாட்டில்களை அவர் மரியாதையாக வாங்கி, மரியாதையாக அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுவார் என்று மகள் ஒரு முறை போனில் சொன்னாள். பெண் வீட்டுப் பண்டம் விருந்தாளிக்கு உரியது. வந்த அன்றே பிரித்துத் தின்றால், இந்த வீட்டில் இதுகூட இல்லையா என்று ஆகிவிடுமாம். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான்.

இந்த நிலையில்தான் அந்த வரி வந்தது. என் வீட்டு லிஸ்ட்டில் அன்று அரை பாக்கெட் சேமியா, இரண்டு கிண்ணம் இட்லி மாவு, வெள்ளிக்கிழமை வாங்கி டப்பாவில் வைத்த மல்லிகைப்பூ. பூவையும் நான்தான் ஆர்வக்கோளாறில் ஏற்றியிருந்தேன். அதற்குக் கீழே மகள் வீட்டு லிஸ்ட். பால், பிரித்த வெண்ணெய், பிறகு 'எள்ளுப்பொடி (அம்மா வீடு), வியாழனுக்குள்.'

எள்ளை அரித்துக் கல் எடுத்து, வெயிலில் காயவைத்து, வெடிக்கிற பதத்தில் வறுத்து, ஆறவைத்து இடித்து, ஈரம் இல்லாத பாட்டிலில் அடைத்தால் மூன்று மாதம் அசையாது. அதற்குப் பதினோரு நாள் ஆயுள் போட்டது யார்? அந்த வீட்டில் தேதி போடுகிற அதிகாரம் யாருக்கு இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"சம்பந்தியம்மா எம் பொடிய கெட்டதுன்னு போட்டுக்கீறாங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"கெடறதுக்குள்ள துன்னணும்னு போட்டுக்கீறாங்க. நல்லதுதான?" என்றார் தறியிலிருந்து தலையைத் தூக்காமல். அவருக்கு எல்லாமே நல்லதுதான்.

அடுத்த சனிக்கிழமை 'மோர் மிளகாய் (அம்மா வீடு), செவ்வாய்க்குள்.' மோர் மிளகாய்! உப்பும் மோரும் குடித்துச் சருகாகக் காய்ந்த மிளகாய் ஒரு வருடம் கிடக்கும். அதற்கு அடுத்த வாரம் 'கடலை உருண்டை (அம்மா வீடு), வெள்ளிக்குள்.' தறிக்கு நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை நிறுத்திவிட்டேன். மூன்று வாரமாக என் கைப்பக்குவத்தை ஒருவர் தேதி போட்டு அவமானப்படுத்துகிறார், அதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். போக ஒரு காரணம் வேண்டுமே. சம்பந்தி வீட்டு எவர்சில்வர் தூக்கு ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் தூக்கை வெறுமையாகக் கொடுக்கும் வழக்கம் இல்லை. எதைப் போட்டாலும் அடுத்த சனிக்கிழமை அதற்கும் தேதி விழும். கடைசியில் சர்க்கரையைப் போட்டு நிரப்பினேன். சர்க்கரைக்குத் தேதி போடுங்கள் பார்க்கலாம் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரம். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். சம்பந்தியம்மாள் தறியிலிருந்து எழுந்து வந்து, "வாங்க சம்பந்தி, சரியான நேரத்துக்கு வந்தீங்க, கை கழுவுங்க" என்றார். தூக்கைத் திறந்து பார்த்து, "எதுக்கு இதெல்லாம்" என்று வாங்கிக்கொண்டார். எல்லாம் முறைப்படி நடந்தது.

ஃபிரிட்ஜ் கதவில், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த வார லிஸ்ட் எழுதி ஒட்டியிருந்தது. மிஞ்சிய பட்டு நூலில் ஒரு பென்சில் தொங்கியது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து, மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். "போன்ல இருக்கறத அம்மாக்குப் படிச்சிக் காட்டுவேன் அத்த. அம்மா எழுதி ஒட்டிடுவாங்க. அந்த வாரத்துக்குள்ள பிரிச்சே ஆவணும், மிச்சம் இருந்தா தீர்ற வரைக்கும் தாள்ல நிக்கும். ரூல்னா ரூல்தான் அவங்களுக்கு."

"சாமான வீணாக்கறது பாவம்" என்றார் சம்பந்தியம்மாள். அவர் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. இப்போது நினைத்தால் தெரிகிறது.

தாளில் கடலை உருண்டைக்கு எதிரே பென்சில் கோடு விழுந்திருந்தது. தேதிக்கு ஐந்து நாள் முன்பே தீர்ந்துவிட்டதாம். மாப்பிள்ளைதான் தின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரங்களில் பிரித்த எள்ளுப்பொடியும் மோர் மிளகாயும் மிச்சம் இருந்ததால் அவையும் தாளில் தொடர்ந்திருந்தன. இரண்டு பாட்டிலும் மேல் தட்டிலிருந்து இறங்கி அடுப்பு மேடையில் இருந்தன.

என் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் சோறு, அதில் எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும், பக்கத்தில் கருகருவென்று வறுத்த மோர் மிளகாய் நான்கு. ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வர அடுத்த கவளத்தை எடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் நான் நியாயம் கேட்க வந்தவள் ஆயிற்றே.

"சம்பந்தி, தப்பா நெனக்காதீங்க" என்று ஆரம்பித்தேன். அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் நன்றாக முடிந்ததாக எனக்கு நினைவில்லை. "இந்த மொளகா ஒரு வருசம் ஆனாலும் கெடாது. பொடி மூணு மாசம் வரும். நானு ஈரம் பட்ட சாமானு அனுப்புறவ இல்ல. ஒரு வாரத்துல கெடும்னு தேதி போட்டது யாரு?"

சம்பந்தியம்மாள் ஒன்றும் புரியாமல் மகனைப் பார்த்தார். "நாம எங்கடா தேதி போட்டோம்? போன்ல வந்ததத்தான எழுதறேன்?"

மாப்பிள்ளை போனை எடுத்தார். வரியைத் தொட்டால் அதைச் சேர்த்தது யார் என்று காட்டும். இது எனக்கு அன்றுதான் தெரியும். எள்ளுப்பொடியைத் தொட்டார். மோர் மிளகாயைத் தொட்டார். பிறகு தலையைத் தூக்கித் தம் மனைவியைப் பார்த்தார்.

"எல்லாம் நீதான் போட்டுகினு இருந்தியா?"

என் பெண்ணின் கை தட்டிலேயே நின்றது. அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமியாரிடம், மேல் தட்டுப் பாட்டிலை எடுங்கள், எனக்குக் காரமாகச் சாப்பிட வேண்டும் என்று புது மருமகள் எப்படிக் கேட்பாள்? கேட்டால், உங்கள் சமையல் எனக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் போன் கேட்டால் யாருக்கும் எந்த அர்த்தமும் இல்லை. சாமானை வீணாக்காத மாமியார் தாமே பாட்டிலை இறக்கி, தாமே வறுத்து, தட்டில் வைப்பார். மூன்று வாரமாக என் பெண் பொய்த் தேதி போட்டு வயிறாரச் சாப்பிட்டிருக்கிறாள். அதை நான்கு தெரு நடந்து வந்து போட்டு உடைத்தவள் நான்.

"எனக்கு இன்னா தெரியும்... ஒருவேள மழ நாள்ல..." என்று எதையோ உளறினேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சம்பந்தியம்மாள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு பாட்டிலையும் எடுத்து, வாயைத் துணியால் துடைத்து, மூடியை இறுக்கித் திருகினார். "அப்போ அவசரம் இல்ல" என்று சொல்லி மேல் தட்டில் வைத்தார். பிறகு எல்லோருக்கும் ரசம் ஊற்றினார். எனக்கும் ஊற்றினார். நான் குடித்தேன்.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருப்பேன்.

"ஏம்மா வந்த?"

"எம் பொடிய கெட்டதுன்னு..."

"ஒம் பொடி நல்லாக்கீதுன்னு எனக்குத் தெரியாதா? அத துன்றதுக்குத்தாம்மா அவ்ளோ பாடு பட்டேன்."

நான் பேச்சை மாற்றினேன்.

"ஒம் மாமியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பேஜாரா கீது" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு முன்பே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் வீட்டு லிஸ்ட்டில் பால், தக்காளி, பிரித்த பனீர். அம்மா வீடு என்ற சொல்லே இல்லை. கெட்டுப்போகும் என்று போட்டதற்குக் கோபப்பட்டவள், போடவில்லை என்பதற்கு அழுதேன். என் பெண் அந்த வாரம் முழுக்க ரசத்தைப் பிசைந்து தொண்டையில் தள்ளிக்கொண்டிருப்பாள் என்பது கண்ணை விட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரர் எள்ளுப்பொடி கேட்டபோது, "நமக்கு மட்டும் எதுக்கு?" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். மனிதர் மோரை ஊற்றிக்கொண்டார்.

அதற்கும் அடுத்த சனிக்கிழமை. மணி அடித்தது. என் வீட்டுக்கு வழக்கம்போல இட்லி மாவு. கீழே மகள் வீடு. பால். கொத்தமல்லி. 'எள்ளுப்பொடி, திங்களுக்குள்.' 'மோர் மிளகாய், திங்களுக்குள்.' இந்தப் பெண்ணுக்கு இன்னும் புத்தி வரவில்லையா, மறுபடியும் மாட்டிக்கொள்ளப் போகிறாளே என்று பதறி, யார் சேர்த்தது என்று பார்க்க வரியைத் தொட்டேன்.

சம்பந்தியம்மாளின் பெயர் இருந்தது.

நம்பாமல் மறுபடி தொட்டேன். அதே பெயர். நெய்த சேலையைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புவதற்காக அவர் வைத்திருக்கிற போன், லிஸ்ட்டில் எழுதவும் கற்றுக்கொண்டிருந்தது. நான் சொன்ன ஒரு வருடத்தையும் மூன்று மாதத்தையும் தம் காதால் கேட்டவர், தெரிந்தே திங்கட்கிழமை என்று போட்டிருக்கிறார். கடைசியில் இன்னும் ஒரு வரி இருந்தது. 'கடலை உருண்டை (சம்பந்தி வீடு), நாளைக்குள்.' அதையும் தொட்டேன். அதுவும் அவரேதான்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"உருண்டதான் அன்னிக்கே தீந்துபோச்சின்னு சொன்ன? நீ மறுபடி அனுப்பவே இல்லியே. இல்லாத பொருளு எப்டி கெடும்?"

"கெடும். நீங்க ஜல்தியா போய் ஒரு கிலோ வேர்க்கடலையும் வெல்லமும் வாங்கினு வாங்க."

தேதிக்கு ஐந்து நாள் முன்பே அந்த உருண்டைகளைத் தீர்த்தது மாப்பிள்ளை இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரே மதிக்கிற நெசவுக்காரி, வாய் திறந்து ஒரு பொருளைக் கேட்டறியாதவர், சம்பந்தியிடம் எப்படிக் கேட்பார்? என் பெண் எப்படிக் கேட்டாளோ அப்படித்தான் கேட்டிருக்கிறார். கடலையை வறுத்துத் தோல் நீக்கி, பாகு உருட்டுப் பதம் வருகிறவரை அடுப்படியை விட்டு நகராமல் நின்று, கை சுடச்சுடப் பிடித்தேன்.

மறுநாள் மதியம் நான் போய் நின்றபோது என் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் சோறு கறுப்பாக இருந்தது. மிளகாய் ஐந்தோ ஆறோ. என்னைப் பார்த்ததும் பயந்துபோய், பேசாதே என்று கண்ணால் கெஞ்சினாள்.

சம்பந்தியம்மாள் டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். மேல் தட்டுக்கு அது போகவில்லை, கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. பிறகு பட்டு நூலில் தொங்கிய பென்சிலைப் பிடித்து, கடலை உருண்டைக்கு எதிரே ஒரு கோடு போட்டார்.

"நல்ல வேள, தேதிக்குள்ள வந்துச்சி" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாங்க சம்பந்தி" என்றேன். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கெட்டே போயிருக்கும்."